வேகம் எங்கே நழுவுகிறது?

மாவு மில்லில் அரைப்பு மந்தமாகிவிட்டால் பழி முதலில் மோட்டார் மேல்தான் விழும். அது நியாயமா என்று டாக்கோமீட்டர் சொல்லிவிடும்.

நான்கு துருவ மோட்டாரில் காந்தப்புலம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு 1500 சுற்று சுழலும். தண்டு எப்போதும் சற்றுப் பின்தங்கியே ஓடும். அந்த இடைவெளிதான் ஸ்லிப். முழுச் சுமையில் 1440 என்று பெயர்ப்பலகை சொன்னால், ஸ்லிப் 60 சுற்று.

நம் மில்லில் தண்டு 1470 காட்டுகிறது என்று வைப்போம். ஸ்லிப் 30தான், மோட்டார் ஏறக்குறைய பாதிச் சுமையில் சும்மா ஓடுகிறது. மோட்டார் புல்லி 4 அங்குலம், மில் புல்லி 8. அங்கே 735 வரவேண்டும், வருவதோ 680. ஏழு சதவீதத்துக்கு மேல் பெல்ட்டில் வழுக்கிப் போகிறது. நல்ல வி-பெல்ட்டில் ஓரிரு சதவீதம்தான் போகும். இழுவையைச் சரிசெய்ததும் மோட்டார் 1450க்கு இறங்கி, மில் 715க்கு ஏறினால் நோய் பெல்ட்டில்தான் இருந்தது.

ஸ்ட்ரோபாஸ்கோப்பில் ஒரு பொறி உண்டு. பாதி வேகத்தில் மின்னினாலும் புல்லியில் போட்ட சாக்பீஸ் கோடு ஒன்றாகவே அசையாமல் நிற்கும். அதனால் அதிக வேகத்திலிருந்து இறங்கி வரவேண்டும். ஒற்றைக் கோடு முதலில் நிற்கும் இடமே உண்மை வேகம். நிற்பதாகத் தெரியும் புல்லி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, கை வைத்துவிடாதீர்கள்!