கட்டி விழாத கஞ்சிக்குப் பச்சைத் தண்ணீர்

கேழ்வரகுக் கஞ்சியில் மிதக்கும் ஒரு கட்டியை எடுத்து விரலால் பிட்டுப் பாருங்கள். மேலே வழவழவென்று வெந்திருக்கும். உள்ளே உலர்ந்த மாவு அப்படியே இருக்கும். சுற்றிலும் கஞ்சி பத்து நிமிடமாகக் கொதித்திருந்தாலும் அந்த மாவை ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டிருக்காது.

மாவுச்சத்து என்பது கண்ணுக்குத் தெரியாத சிறுசிறு மணிகள். பச்சைத் தண்ணீரில் அவை உப்புவதில்லை, ஒட்டுவதும் இல்லை. தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். சூடு 65 டிகிரியை ஒட்டி ஏறும்போதுதான் தண்ணீரை இழுத்து, உப்பி, பசையாகும். கொதிக்கிற தண்ணீரில் ஒரு கரண்டி மாவைக் கொட்டினால் அந்த மாவுக் குவியலின் வெளிப்பக்கம் விழுந்த கணத்திலேயே வெந்து பசையாகிவிடும். அந்தப் பசை உறையைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போக வழியில்லை. அதற்கப்புறம் கை வலிக்கக் கிண்டினாலும் பெரிய கட்டி நாலு சின்னக் கட்டியாகுமே தவிர, கஞ்சி மழமழவென்று வராது. அடுப்புக்குப் போகும் முன்பே ஒவ்வொரு மணியும் நனைந்து பிரிந்திருக்க வேண்டும். மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுவது அதற்காகத்தான்.

இரண்டு பேருக்குக் கஞ்சி என்றால் தலைதட்டி நாலு மேசைக்கரண்டி கேழ்வரகு மாவும் மூன்று டம்ளர் தண்ணீரும் (ஒரு டம்ளர் 200 மில்லி) போதும். இரண்டு டம்ளரை அடுப்பில் ஏற்றிவிட்டு, மிச்சமுள்ள ஒரு டம்ளரைக் கரைக்க வைத்துக்கொள்ளுங்கள். அதை முழுதாக மாவில் ஊற்றிவிடுவதில்தான் பலர் தவறுகிறார்கள். தண்ணீர் தளும்ப இருந்தால் மாவு உருண்டைகள் கரண்டிக்கு அகப்படாமல் நழுவி ஓடும். முதலில் நாலைந்து கரண்டித் தண்ணீர் மட்டும் விட்டு, தோசை மாவைவிடச் சற்றுக் கெட்டியாகக் குழைக்க வேண்டும். அந்தக் கெட்டிப்பில் உருண்டைகள் கிண்ணத்தோடு அழுந்தித் தேய்ந்து உடையும். விரலை விட்டுத் தடவினால் நெருடக் கூடாது. பிறகு மீதித் தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து நீர்க்கக் கரைக்கலாம். தண்ணீருக்குப் பதில் ஆறிய பாலும் ஆகும். சூடான பால் மட்டும் வேண்டாம்.

கரைத்ததை வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனால் மாவு அடியில் படிந்துவிடும். ஆகவே ஊற்றும் முன் அடிவரை ஒருமுறை கலக்கிவிட வேண்டும். தீயைக் குறைத்து, ஒரு கையால் மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே மறு கையால் கிண்ட வேண்டும். கரண்டி பாத்திரத்தின் அடியைத் தொட்டபடியே சுற்றட்டும். கெட்டியாகத் தொடங்கும் இரண்டு மூன்று நிமிடங்களில்தான் அடிப்பிடிக்கும். அடியில் வெந்து தடித்த ஏடு பெயர்ந்து வந்தால் அதுவும் கட்டிதான், கரைத்ததில் குறை ஒன்றும் இல்லாவிட்டாலும்.

கெட்டியானதும் இறக்கிவிடக் கூடாது. சிறு தீயில் எட்டு பத்து நிமிடம் கொதித்தால்தான் பச்சை மாவு வாடை போகும். வெளிறிய மண் நிறம் மாறிக் கரும்பழுப்பாகி மேலே ஒரு பளபளப்பு வரும், அதுதான் பதம். ஆற ஆற இறுகும் என்பதால் குடிக்கும் பதத்தைவிட ஒரு படி நீர்க்க இருக்கும்போதே இறக்குவது நல்லது.

நம் ஊர்க் கூழும் இதே முறைதான். கேழ்வரகு மாவை முந்தின இரவே கரைத்துப் புளிக்க வைத்து, மறுநாள் நொய் வெந்து கொண்டிருக்கும் தண்ணீரில் ஊற்றுகிறார்கள். களிக்கு மட்டும் மாவை உலர்ந்தபடி கொட்டுவார்களே என்று கேட்கலாம். அங்கே தண்ணீர் குறைவு, மாவு அதிகம். கட்டையால் அழுத்திக் கிளறும்போது கட்டிகள் நசுங்கிவிடும். கஞ்சியில் அந்த அழுத்தம் கிடைக்காது.

அரிசி மாவு தண்ணீரில் சட்டென்று படிந்துவிடும், அதிலும் மிஷினில் கொரகொரப்பாக அரைத்தது. அதற்குக் கலக்கல் இன்னும் அடிக்கடி வேண்டும்.

முளைகட்டிய கேழ்வரகு மாவில் வேறு வகைச் சிக்கல். முளை விடும்போது உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைத்துவிடுவதால், அதே அளவு மாவு போட்டாலும் கஞ்சி நீர்க்கவே இருக்கும். குழந்தைக்கு ஊட்ட அது வசதி. ஆனால், ‘கெட்டியாகவில்லையே’ என்று கொதிக்கிற கஞ்சியில் இன்னொரு கரண்டி மாவைத் தூவினால் கட்டி விழும். கூட்ட வேண்டிய மாவையும் தனிக் கிண்ணத்தில் பச்சைத் தண்ணீரில் குழைத்துத்தான் ஊற்ற வேண்டும். விழுந்தே விட்டதா? கிண்டிப் பயனில்லை. கஞ்சியை வடிகட்டியில் ஊற்றி, தங்கும் கட்டிகளைக் கரண்டியின் முதுகால் தேய்த்து இறக்கி, மறுபடி ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். கட்டிக்குள் இருந்த மாவு அப்போதுதான் வேகத் தொடங்கும்.