மாடி ஒழுகலுக்கு இரண்டு எஸ்டிமேட்

மொட்டைமாடி ஒழுகுகிறது. மேஸ்திரி ஒருவர் வந்து அளந்துவிட்டு, ‘மாடி ஒழுகல் வேலை, 800 சதுர அடி, அடிக்கு 150 ரூபாய், மொத்தம் 1,20,000’ என்று ஒரே வரியில் எழுதித் தருகிறார். இன்னொருவரும் அதே 150 ரூபாய்தான் கேட்கிறார். ஆனால் அவருடைய எஸ்டிமேட் ஒன்றரைப் பக்கம், தொகை 1,38,000. கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட விலைகள்தாம் இவை. ஆனால் 18,000 ரூபாய் வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் எஸ்டிமேட் படிக்கக் கற்றுக்கொள்ளலாம்.

மாடி 40 அடிக்கு 20 அடி. சுற்றளவு 120 அடி. தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலை வழியாகத் தண்ணீர் இறங்குவது மிகச் சாதாரணம். அதனால் நீர்க்காப்புப் பூச்சையும் அதன் மேல் வரும் வேலையையும் சுவரில் ஓர் அடி உயரத்துக்கு ஏற்ற வேண்டும். அதற்கு 120 சதுர அடி கூடுகிறது. இரண்டாமவர் அதையும் சேர்த்து 920 என்று அளந்திருக்கிறார். முதலாமவர் அந்த மூலையை விட்டுவிடுவார், அல்லது பாதி வேலையில் வந்து தனியாகக் கேட்பார்.

வேலை விவரம் என்ற பகுதியில் இந்த அளவுக் கணக்கு இருக்க வேண்டும். பழைய சுருக்கித் தளத்தைப் பெயர்ப்பது, விரிசலை அடைப்பது, எந்தக் கம்பெனியின் எந்தப் பூச்சு, எத்தனை கோட், மழைநீர்க் குழாயை நோக்கி எவ்வளவு வாட்டம், மேலே தட்டோடா வேறு டைலா என்பதும் வரிசையாக வேண்டும். ‘நல்ல தரமான கெமிக்கல்’ என்று எழுதியிருந்தால் பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

நான் முதலில் தேடிப் படிப்பது ‘இதில் சேராதவை’ என்ற பகுதியை. அதை எழுதித் தருகிற கான்ட்ராக்டர் வேலை முழுவதையும் ஒருமுறை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறார். இடிபாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 800 சதுர அடியில் 3 அங்குலக் கனத்துக்குச் சுருக்கித் தளம் இருந்தால் அது 200 கன அடி. பெயர்த்துக் குவித்தால் இடைவெளி விழுந்து ஏறக்குறைய 300 கன அடியாகிவிடும். நம் ஊர்க் கணக்கில் மூன்று யூனிட். அதை மாடியிலிருந்து இறக்கி வண்டியில் அனுப்புகிற செலவு யாருடையது? எழுதாவிட்டால் குவியல் வாசலில் கிடக்கும்போதுதான் பேச்சு தொடங்கும். தண்ணீரும் மின்சாரமும் யார் தருவது, சோலார் ஹீட்டரைக் கழற்றி மாட்டுவது யார், கீழே அறைக் கூரையில் உதிர்ந்த பூச்சைச் சரிசெய்வது உண்டா என்பவையும் இந்த இனம்தான்.

பெயர்த்த பிறகுதான் தெரியும் சேதமும் உண்டு. கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் பிளந்திருப்பதை மேலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அதற்காக ஒரு தொகையை முன்கூட்டியே ஏற்றிவைப்பதைவிட, ‘விரிசல் வேலைக்கு ஓர் அடி நீளத்துக்கு இவ்வளவு, உரிமையாளரிடம் காட்டி, சம்மதம் வாங்கிய பிறகே செய்யப்படும்’ என்று எழுதுவது இருவருக்கும் நியாயம். ஜிஎஸ்டி தொகைக்குள் அடக்கமா, மேலேயா என்பதற்கும் ஒரு வரி போதும். ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் அந்த வரியை உங்களிடம் வசூலிக்க முடியாது.

பணம் கொடுக்கும் முறையை நாள் கணக்கில் வைக்காமல் வேலையின் கட்டங்களோடு கட்டுவது நல்லது. சிறு கான்ட்ராக்டர் கையில் முதலீடு குறைவு. பொருள் வாங்க அட்வான்ஸ் கேட்பது நியாயமே. 30 சதவீதம் தொடக்கத்தில் தரலாம். அடுத்த 30 சதவீதம்தான் முக்கியமானது. தட்டோடு பதித்துவிட்டால் கீழே எத்தனை கோட் பூசினார்கள் என்று பார்க்க வழியில்லை. ஆகவே பூச்சு காய்ந்ததும் குழாய் வாயை அடைத்து, மாடியில் தண்ணீர் தேக்கி, 48 மணி நேரம் விட்டு, கீழே ஈரம் கசிகிறதா என்று பார்த்த பின் அதைக் கொடுப்பதாக எழுதுங்கள். தட்டோடு பதித்து இடுக்கு பூசி முடித்ததும் இன்னொரு 30. மீதி 10 சதவீதத்தை முதல் நல்ல மழைக்குப் பிறகு என்று வைக்கலாம். ஆனால் மழை தள்ளிப்போனால் அவர் எத்தனை மாதம் காத்திருப்பார்? ‘அல்லது வேலை முடிந்து 60 நாளில், எது முந்தியதோ அது’ என்றும் சேர்த்துவிட வேண்டும். கூலியைக் கையிலிருந்து கொடுத்துவிட்டு நிற்கிறவர் அவர்.

கடைசியாக ‘இந்த விலை 15 நாள் வரை செல்லும்’ என்ற வரி. சிமெண்ட், மணல் விலை நிலையாக நிற்பதில்லை. அதனால் அவர் கெடு வைக்கிறார். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, குறித்த கெடு கடந்தால் அந்த விலை காலாவதியாகிவிடும். கெடுவுக்குள்ளும்கூட, நீங்கள் சம்மதம் தெரிவிக்கும்வரை அவர் அதைத் திரும்பப் பெறலாம். விலை பிடித்திருந்தால் ‘இந்தத் தேதியிட்ட எஸ்டிமேட்டுக்குச் சம்மதம்’ என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி அனுப்பிவிடுங்கள். அதன் பிறகு மணல் விலை ஏறினாலும், விலையேற்றத்துக்கென்று தனி வரி எஸ்டிமேட்டில் இல்லையென்றால், அவர் எழுதிய 1,38,000தான் விலை.