உயர் தொடக்க நிலை மாணவர்க்கு வடதிசை காணலும் விண்மீன் வடிவங்களை அறிதலும் கற்பித்தல்: மதுரை வானை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

வடதிசையைத் துருவ விண்மீனால் அறியும் முறை, பெரும்பாலும் உயர் அகலாங்குகளில் வாழ்வோரின் வானை அடிப்படையாகக் கொண்டே விளக்கப்படுகிறது. தமிழகத்தில் துருவ விண்மீன் மிகத் தாழ்வாகத் தோன்றுவதால் அவ்விளக்கம் மாணவர்க்குப் பயன்படாமற் போகிறது. மதுரையின் அகலாங்கிற்கேற்ப அம்முறையை எவ்வாறு கற்பிக்கலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: துருவ விண்மீன், எழுமீன், காசியோப்பியா, அகலாங்கு, கைமுட்டி அளவு

முன்னுரை

எழுமீன் எனப்படும் சப்தரிஷி மண்டலம் ஆண்டு முழுவதும் மறையாது என்பதும், துருவ விண்மீன் வானில் உயர்ந்து நிற்கும் என்பதும் ஐரோப்பிய நாடுகளுக்குப் பொருந்தும் செய்திகள். மதுரையில் எழுமீன் முழுவதுமாக மறையும் காலம் உண்டு. நூற்செய்தியை நம்பி வானை நோக்கும் மாணவர், சொல்லப்பட்டதைக் காணாதபோது தம் கண்ணையே ஐயுறுவர். அல்லது காணாமலே கண்டதாகக் கூறுவர். இவ்விரண்டும் நிகழாதிருக்க, உள்ளூர் வானிலிருந்தே கற்பித்தல் தொடங்க வேண்டும்.

பகலில் வடக்கு

இரவு நோக்கலுக்கு முன், பள்ளித் திடலில் வடக்குத் தெற்குக் கோடு ஒன்றை வரைந்துகொள்ளுதல் நலம். சமதரையில் ஒரு கோலைச் செங்குத்தாக நட்டு, அதனை மையமாகக் கொண்டு வட்டம் வரைய வேண்டும். முற்பகலிலும் பிற்பகலிலும் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இரு புள்ளிகளையும் குறித்து இணைத்தால் மேற்கு கிழக்குக் கோடு கிடைக்கும். முற்பகற் புள்ளி மேற்கு. பிற்பகற் புள்ளி கிழக்கு. மேற்கு இடக்கைப் பக்கம் அமையுமாறு நின்றால் முகம் வடக்கை நோக்கும்.

நண்பகல் நிழல் வடக்கைக் காட்டும் என்று மட்டும் கற்பித்தல் இங்குப் பிழையாகும். ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஆகஸ்ட் இறுதி வரை மதுரையில் நண்பகற் கதிரவன் தலையுச்சிக்கு வடக்கே செல்வதால் நிழல் தெற்கே விழும்.

கைமுட்டி அளவு

ஓர் இடத்தின் அகலாங்கு எத்தனை பாகையோ, ஏறத்தாழ அத்தனை பாகை உயரத்தில் அங்குத் துருவ விண்மீன் தோன்றும். மதுரைக்கு அது 10 பாகை. நீட்டிய கையின் மூடிய முட்டி ஏறத்தாழ 10 பாகையை மறைக்கும். சிறுவரின் முட்டி சிறிதாயினும் கையும் குறுகியதாதலால் அளவு பெரிதும் மாறாது. தொடுவானிலிருந்து தலையுச்சி வரை முட்டிமேல் முட்டியாக அடுக்கினால் ஒன்பது வரவேண்டும். இதனை ஒவ்வொரு மாணவரும் முதலில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

எனவே மதுரையில் துருவ விண்மீன் தொடுவானுக்கு ஒரு முட்டி மேலேதான் இருக்கும். ஒரு மரமோ மாடிவீடோ அதனை மறைத்துவிடும். வடபுறம் திறந்த வெளியைத் தேர்ந்தெடுப்பது இதனால் இன்றியமையாதது.

எழுமீன் வழி

ஏப்ரல் இறுதி வாரத்தில் இரவு 9 மணியளவில் எழுமீனின் சுட்டு விண்மீன்களாகிய புலகரும் கிரதுவும் வடக்கே ஏறத்தாழச் செங்குத்தாக, ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். மேலுள்ள புலகர் நான்கரை முட்டிக்குச் சற்றுக் குறைந்த உயரத்திலும், கீழுள்ள கிரது நான்கு முட்டிக்குச் சற்றுக் குறைந்த உயரத்திலும் இருக்கும். அவற்றிடையே உள்ள தொலைவைப் போல் ஐந்து மடங்கு கீழ்நோக்கிச் சென்றால், ஒரு முட்டி உயரத்தில் துருவ விண்மீனை அடையலாம். கோடு கீழ்நோக்கிச் செல்வதை முன்னரே கூறாவிடின், மாணவர் தலைக்கு மேலேயே தேடிக்கொண்டிருப்பர்.

காசியோப்பியா வழி

டிசம்பர் முற்பகுதியில் இரவு 8 மணிக்கு எழுமீன் தொடுவானுக்குக் கீழே இருக்கும். அப்போது வடக்கே நான்கு முட்டி உயரத்தில் ஐந்து விண்மீன்கள் ஆங்கில எழுத்தாகிய 'எம்' வடிவில் தோன்றும், அதுவே காசியோப்பியா. அதற்கு நேர் கீழே மூன்று முட்டி இறங்கினால் துருவ விண்மீன் அமையும். பருவமழை முகிலால் இந்நோக்கலுக்கு மாற்று நாள்களை ஒதுக்கிவைத்தல் வேண்டும்.

பிழையும் சரிபார்ப்பும்

துருவ விண்மீனே வானில் மிக ஒளியுடையது என்னும் கருத்தே பிழைகளுக்குப் பெரிதும் காரணமாகிறது. அது இரண்டாம் தர ஒளியுடையதே. தொடுவானை அடுத்த தூசியால் மேலும் மங்கும். பிப்ரவரி நடுவில் இரவு 8 மணிக்கு வடக்கே ஐந்தரை முட்டி உயரத்தில் ஒளிரும் கப்பெல்லாவை மாணவர் துருவ விண்மீன் எனக் கொள்வதற்கு வாய்ப்புண்டு. உயரமே முதற் சான்றாக அதனை விலக்கும். இரண்டாம் சான்று அசைவு. ஓரிடத்தில் நின்று, கண்ட விண்மீனை ஒரு கம்பத்தின் நுனியோடு பொருத்திக் குறித்து, ஒரு மணி நேரம் கழித்து அதே இடத்திலிருந்து நோக்க வேண்டும். கப்பெல்லா ஏறத்தாழ ஒரு முட்டி மேற்கே நகர்ந்திருக்கும். துருவ விண்மீன் பெயர்ந்ததாகவே தோன்றாது. மூன்றாம் சான்றாக, பகலில் வரைந்த கோட்டின் மேல் நின்று நோக்கின் விண்மீன் அதன் நேரே அமைதல் வேண்டும்.

முடிவுரை

பகற்கோடு, முட்டியளவு, ஒரு மணி நேர அசைவு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சாராதவை. இவை ஒரே விண்மீனைக் காட்டும்போது, மாணவர் ஆசிரியரின் சொல்லை வேண்டாமல் தாமே வடக்கை உறுதிசெய்கின்றனர். பிற ஊர்களில் முட்டியளவை அவ்வூர் அகலாங்கிற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்: சென்னையில் ஒன்றே கால் முட்டிக்குச் சற்று மேல், கன்னியாகுமரியில் முக்கால் முட்டிக்குச் சற்று மேல்.