ரசீதுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பட்டியல்!

ஆடிட்டர் ஆபீஸின் உள்ளறைக்குள் எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? வாங்க, சத்தம் போடாமல் பார்ப்போம். மேஜை மேல் ஒரு ரசீது. டிரஸ்ட் பெயர், ரூ.20,000, கையெழுத்து, ஊதா நிற சீல். பார்க்க ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால் டிரஸ்டின் பான் எண் இல்லை, 80ஜி பதிவு எண்ணும் இல்லை! பழைய வரி முறையில் கணக்குக் காட்டிய ஒருவர், 2023-24இல் முதியோர் இல்லத்துக்குக் கொடுத்த தொகை இது. பாதியான பத்தாயிரத்துக்குக் கழிவு கேட்டிருக்கிறார். 'ரசீதில் பதிவு விவரம் இல்லை, கழிவை ஏன் மறுக்கக் கூடாது?' என்று வருமான வரித்துறையின் நோட்டீஸ் வந்துவிட்டது. இருபது சதவீத வரிக்காரருக்கு செஸ்ஸோடு ரூ.2,080 போகும், வட்டி தனி.

இனிதான் வேடிக்கை! ரசீதுக்குப் பின்னால் ஒரு பட்டியல் ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்ததும், யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று டிரஸ்ட் மே 31க்குள் 10பிடி என்ற படிவத்தில் துறைக்குச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் கொடுத்தவர் பெயரில் 10பிஇ சான்றிதழ் பிறக்கும். 2021-22 முதல் இதுதான் நடைமுறை. துறை கழிவைச் சரிபார்ப்பது இந்தப் பட்டியலை வைத்துத்தான். ஊதா சீலுக்கு அங்கே மதிப்பில்லை, பாவம்!

ஆபீஸின் ஜூனியர் ஒருவர் டிரஸ்டுக்கு போன் போட்டார். "புது ரசீது வேண்டாம் சார், எங்க கிளையண்டோட 10பிஇ இருக்கானு பாருங்க."

"அந்தப் பான்ல எதுவும் வரலையே..."

"பேரை வச்சுத் தேடுங்க சார்."

கிடைத்தது! பான் எண்ணில் ஓர் எழுத்து மாறித் தட்டச்சாகியிருந்தது. டிரஸ்ட் திருத்தப் படிவம் தாக்கல் செய்து புதிய 10பிஇயை அனுப்பியது. கொடுத்தவர் பெயர், தொகையோடு, ரசீதில் விட்டுப்போன டிரஸ்டின் பான், 80ஜி பதிவு எண் இரண்டும் அதில் இருந்தன. ஆபீஸில் அன்றைக்கு எல்லோருக்கும் டீ!

பதில் எழுதுவது அதன்பின் சுலபம். போர்ட்டலில் e-Proceedings பகுதியைத் திறந்து, ரசீதில் விட்டுப்போனது இன்ன விவரம், சான்றிதழில் அது இன்னது, பணம் வங்கி வழியே போனது இன்ன தேதியில் என்று நாலு வரி. இணைப்பாக 10பிஇ, வங்கிக் கணக்கு அறிக்கை, டிரஸ்டின் 80ஜி அனுமதி உத்தரவு நகல். அனுமதிக்குக் காலக்கெடு உண்டு என்பதால், பணம் கொடுத்த நாளில் அது உயிரோடு இருந்ததா என்று தேதியைப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார்கள். அனுமதியே இல்லாத டிரஸ்டாக இருந்தாலோ, ரூ.2,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்திருந்தாலோ எந்தப் பதிலும் பலிக்காது.

நோட்டீஸில் சொன்ன கெடுவைத் தவறவிடாதீர்கள். கழிவை மறுத்து உத்தரவே வந்துவிட்டால், மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான்.