புள்ளி எந்தப் பக்கம்?

நூலக அலமாரியின் புகைப்படத்தைப் பார்த்துப் பட்டியல் எழுதுகிறவர் தடுமாறுவது இரண்டு வரித் தலைப்பில்தான். ஒரு முதுகட்டையில் இடப்பக்கம் ‘செல்வன்’, வலப்பக்கம் ‘பொன்னியின்’. வழக்கம்போல இடமிருந்து வலமாக எழுதினால் ‘செல்வன் பொன்னியின்’ ஆகிவிடும்.

மெய்யெழுத்தின் புள்ளியைப் பார்த்தால் போதும். புள்ளி எழுத்துக்கு மேலேதான் இருக்கும். எனவே அது எந்தப் பக்கம் தெரிகிறதோ, அந்தப் பக்கமே முதல் வரி.

இங்கே ‘ன்’னின் புள்ளி வலப்பக்கம் இருக்கிறது. அப்படியானால் எழுத்து மேலிருந்து கீழே ஓடுகிறது. வலப்பக்க வரியே முதலில் வரும். ஆங்கில நூல்களில் பெரும்பாலும் இதே திசைதான்.

பிரெஞ்சு நூல்களில் பெரும்பாலும் கீழிருந்து மேலே ஓடும். அவற்றில் இடப்பக்க வரிதான் முதல் வரி. பக்க ஓரத்தில் குறுக்காக எழுதிய குறிப்புக்கும் இதே சோதனை பொருந்தும்.