படத்தில் இருக்கிறது வாழ்த்து

கிரகப்பிரவேசப் படங்கள் குடும்பக் குழுவில் வந்து விழுந்ததும், பின்னாலேயே ரோஜாப்பூவும் குத்துவிளக்கும் அச்சடித்த வாழ்த்துப் படங்கள் வரிசை கட்டும். பத்தும் ஒன்றுபோலவே இருக்கும். வீட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் ஒரே கும்பிடு போட்டு முடித்துவிடுவார். யார் என்ன அனுப்பினார்கள் என்பது மறுநாள் அவருக்கே நினைவிருக்காது.

பெரியம்மா மகன் புதுவீட்டுக்குப் போக முடியாமல் பெங்களூரில் மாட்டிக்கொண்ட ஒரு தங்கையை எடுத்துக்கொள்வோம். வீடு திருநெல்வேலிப் பக்கம். அவள் கைக்கு வந்தது வாசல் அலங்காரத்தின் படம் ஒன்றுதான். வாழ்த்து எழுத அதுவே போதும், கொஞ்சம் நின்று பார்த்தால்.

வாசலின் இருபுறமும் தூணோடு கட்டிய வாழை மரங்கள். குலை தள்ளி, நுனியில் சிவந்த பூ தொங்குகிறது. இலைகள் சீப்பு மாதிரி கிழிந்திருக்கின்றன; காற்றில் நின்றோ, வண்டியில் வந்தோ கிழிந்திருக்கலாம். மேலே மாவிலைத் தோரணம். முற்றிய இலை கரும்பச்சையாக விறைத்து நிற்கும். கொழுந்து கலந்திருந்தால் வெயில் ஏறியதுமே துவண்டுவிடும். படத்தில் நாலைந்து இலைகள் அப்படித் துவண்டிருக்கின்றன. எல்லாம் ஒரே பச்சையில், ஒரே அளவில் பளபளத்தால் அது பிளாஸ்டிக். அதைப் பார்த்து ‘பச்சை மாவிலை மணக்குது’ என்று எழுதினால் அண்ணன் சிரித்துவிடுவார்.

எல்லாவற்றையும்விட அதிகம் சொல்வது வாசற்படிக் கோலம்தான். இது பொடிக்கோலம் இல்லை, மாக்கோலம். பச்சரிசியை ஊறவைத்து நைசாக அரைத்து, நீர்க்கக் கரைத்து, சின்னத் துணியை அதில் நனைத்து உள்ளங்கையில் வைத்துப் பிழிவார்கள். மாவு மோதிர விரல் வழியாக இறங்கும். அந்த விரல்தான் கோடு இழுக்கும். ஈரத்தில் கோடு சரியாகத் தெரியாது, காய்ந்த பிறகுதான் வெள்ளையாக எழும்பும். அதனால் போடுகிறவர் பார்த்துப் பார்த்துத் திருத்த முடியாது; கைப்பழக்கத்தில்தான் போக வேண்டும். மாவு நீர்த்துவிட்டால் வழவழப்பான டைல்ஸில் கோடு பரவி வழியும். படத்தில் இருப்பது இரட்டை இழை, எங்கும் பரவவில்லை, ஓரத்தில் காவி. விடியுமுன் முகூர்த்தம் என்றால் இதை முந்தின ராத்திரியே போட்டுக் காயவிட்டிருக்க வேண்டும். அந்த வீட்டில் இப்படி இழை இழுக்கும் கை பெரியம்மாவுடையது என்பது தங்கைக்குத் தெரியும். வலது மூலையில் கோலம் கலைந்து, ஒரு கன்றின் குளம்பு போல ஏதோ பதிந்திருக்கிறது.

அவள் முதலில் எழுதியது: ‘புதுமனை புகுவிழா நல்வாழ்த்துகள்! எல்லா வளமும் பெற்று வாழ்க!’ தப்பு ஒன்றுமில்லை. பக்கத்துத் தெரு ஆளுக்கும் இதையே அனுப்பலாம், அவ்வளவுதான் குறை.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகு எழுதியது இது:

‘அண்ணே, மதினி, வாசல் படத்தப் பாத்துக்கிட்டே இருக்கேன். குலை தள்ளுன வாழ, மாவிலை, பெரியம்மாவோட ரெட்ட இழைக் கோலம், எல்லாம் நம்ம ஆச்சி வீட்டு வாசல் மாதிரியே இருக்கு. ராத்திரி முழிச்சிருந்துதான் போட்ருப்பாங்க, இடுப்பு வலிக்குதான்னு கேளுங்க. மூலையில கோலத்த மிதிச்சது கன்னுக்குட்டியா, சின்னவனா? நீங்க ரெண்டு பேரும் வாடகை வீட்ல இருந்து பட்ட பாடெல்லாம் எனக்குத் தெரியும். இந்த வாசல்ல நல்ல காரியமா நடக்கணும். பொங்கலுக்கு வாரேன், எனக்கு ஒரு பாய் எடுத்து வையுங்க.’

படத்தில் கண்டது மூன்று, குடும்பத்துக்கு மட்டும் தெரிந்தது இரண்டு, பதில் சொல்ல வைக்கும் கேள்வி ஒன்று. யூகமாகத் தோன்றியதைக் கேள்வியாகவே விட்டாள். கன்றுதான் என்று அடித்துச் சொல்லவில்லை. ‘ஆச்சி வீட்டு வாசல் மாதிரி’ என்ற ஒப்பீட்டை மதினி பிறந்த வீட்டார் முன்னால் சொல்வது சரிவருமா என்பது மட்டும் யோசிக்க வேண்டியது. தனிச் செய்தியில் சரி. பொதுக் குழுவில் அந்த வரியை எடுத்துவிடலாம்.

படத்தில் கண்ணில் பட்டாலும் எழுதக் கூடாதவை உண்டு. பூச்சு முடியாத மாடிச்சுவர், பாதியில் நிற்கும் கைப்பிடி, மூலையில் குவிந்த ஜல்லி. ‘மேல வேலை எப்ப முடியும்?’ என்று அக்கறையாகத்தான் கேட்பார்கள். கடன் வாங்கிக் கட்டியவர் காதில் அது வேறு மாதிரி விழும். ‘எவ்வளவு ஆச்சு?’ என்பதும் அப்படியே. திருஷ்டிப் பூசணிக்காய் தொங்கும் வீட்டைப் பார்த்து ‘கண்ணு பட்டுரும்போல’ என்பதைப் பாராட்டாக எடுக்கும் வீடுகளும் உண்டு, முகம் சுளிக்கும் வீடுகளும் உண்டு.

விசேஷத்தன்று காலையில் செய்தி அனுப்பினால் அது கூட்டத்தோடு போய்விடும். பந்தி முடிந்து, பாத்திரக் கணக்குப் பார்த்து, வீட்டுக்காரர்கள் உட்காரும் நேரம் சாயங்காலம். அண்ணனுக்கும் மதினிக்கும் தனித்தனியாக அனுப்புவது நல்லது. செய்தி படிக்கச் சிரமப்படும் பெரியம்மாவுக்குக் குரல் பதிவு போதும்: ‘பெரியம்மா, கோலம் ஒரு இடத்துலகூட வழியலயே, அரிசிய எவ்வளவு நேரம் ஊற வச்சீங்க?’