ஒரு அவுன்ஸ் தங்கத்துக்கு எத்தனை வெள்ளி?

ஒரு அவுன்ஸ் தங்கத்தின் விலையில் எத்தனை அவுன்ஸ் வெள்ளி வாங்கலாம்? அந்த எண்தான் தங்கம்-வெள்ளி விகிதம். 2020 மார்ச் நடுவில் அது 100-ஐத் தாண்டியது. இனி இறங்கும் என்று நம்பியவர்கள் வெள்ளியை வாங்கி, அதே மதிப்புக்குத் தங்கத்தை விற்றார்கள். இரண்டும் சேர்ந்து ஏறினாலும் இறங்கினாலும் கவலையில்லை. தங்கத்தை வெள்ளி முந்தினால் லாபம்.

சில நாட்களில் தங்கம் சுமார் 1,500 டாலர், வெள்ளி 12 டாலர்; விகிதம் 120-ஐத் தாண்டியது. கூடுதல் மார்ஜின் பணம் கட்ட முடியாதவர்கள் நஷ்டத்தோடு வெளியேற வேண்டியதுதான். ஆகஸ்டில் விகிதம் 80-க்குக் கீழே வந்தது. கணிப்பு சரிதான், கைப்பணம் அதுவரை தாங்க வேண்டுமே!

அளவிலும் கவனம் வேண்டும். நியூயார்க் காமெக்ஸ் சந்தையில் தங்க ஒப்பந்தம் 100 அவுன்ஸ், வெள்ளி 5,000 அவுன்ஸ். மேற்சொன்ன விலையில் 2 தங்க ஒப்பந்தத்துக்கு 5 வெள்ளி ஒப்பந்தம் எடுத்தால்தான் இருபுறமும் 3 லட்சம் டாலராகச் சமமாகும்.

எண்ணெய்ச் சந்தையில் இதற்கு உறவு ‘கிராக் ஸ்பிரெட்’: மூன்று பீப்பாய் கச்சா எண்ணெய் வாங்கி, இரண்டு பீப்பாய் பெட்ரோலும் ஒரு பீப்பாய் டீசலும் விற்கும் கணக்கு. இங்கே ஒரு பிடிமானம் உண்டு. இடைவெளி மிகவும் சுருங்கினால் சுத்திகரிப்பு ஆலைகள் உற்பத்தியைக் குறைக்கும். பெட்ரோல் வரத்து குறைந்து இடைவெளி மெல்ல விரியும். வெள்ளியைத் தங்கமாக்கும் ஆலை எங்கும் இல்லை.